திங்கள் முதல் சனி வரை: புதியவருக்கான அறிமுக வீடியோவை எழுதுவது

நடுத்தர நிறுவனங்கள் பலவற்றில் அறிமுக வீடியோ என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும். தொழிற்சாலையை வானத்திலிருந்து காட்டும் ட்ரோன் காட்சி, பின்னணியில் வயலின், நிறுவனரின் மாலையிட்ட படம், நிர்வாக இயக்குநரின் ஐந்து நிமிடப் பேச்சு, கடைசியில் வரிசையாக நின்று கைதட்டும் ஊழியர்கள். வாடிக்கையாளருக்கும் வங்கிக்காரருக்கும் காட்ட எடுத்த படம் அது. புதிதாகச் சேர்ந்தவர் அதைப் பார்த்து முடித்துவிட்டு எச்.ஆர். மேசைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "மேடம், வண்டிய எங்க நிறுத்தணும்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஸ்கிரிப்ட் தொடங்க வேண்டும்.

விளக்கத்துக்கு வசதியாக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை. ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி, டெஸ்டிங், டெஸ்பாட்ச், கூடவே ஓர் அலுவலகக் கட்டடம். மொத்தம் 300 பேர். மாதத்துக்கு ஐந்தாறு பேர் புதிதாகச் சேர்கிறார்கள்: ஒரு டிப்ளமா இன்ஜினீயர், பர்சேஸில் ஒருவர், அக்கவுண்ட்ஸில் ஒருவர், மெஷின் ஓட்ட இரண்டு பேர். இவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தனிப் பயிற்சித் துறை கிடையாது. எச்.ஆரில் இருப்பதே இரண்டு பேர். சம்பளப் பட்டியலும் அவர்களுடைய வேலைதான். பெரிய ஐடி நிறுவனம் வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்க முடியும். பத்துப் பேர் மட்டும் உள்ள பட்டறையில் முதலாளியே கூட நின்று காட்டிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அறிமுக வீடியோ உண்மையில் தேவைப்படுகிறது.

முதல் வேலை, கேள்விகளைச் சேகரிப்பது. துறைத் தலைவர்களைக் கூப்பிட்டு, "புதியவருக்கு என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் தரக் கொள்கை, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், நிறுவன வரலாறு என்று பட்டியல் நீளும். அவர்கள் சேர்ந்து பத்து, பதினைந்து வருடம் ஆகியிருக்கும். முதல் வாரம் எப்படி இருந்தது என்பதே மறந்திருக்கும். கடந்த மூன்று மாதத்தில் சேர்ந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு பேர் போதும். அவர்களிடமும் பொதுவாகக் கேட்டால் "எல்லாம் நல்லா இருந்துச்சுங்க" என்று முடித்துவிடுவார்கள். "முதல் வாரத்துல யார்கிட்டயும் கேக்கக் கூச்சப்பட்ட விஷயம் எது?" என்று கேட்டால் பேச்சு வரும். கேன்டீனில் டோக்கனா, காசா? ஷாப்புக்குள் போனை எடுத்துப் போகலாமா? லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் போட்டால் போதுமா? 20-ஆம் தேதிக்கு மேல் சேர்ந்தால் இந்த மாதமே சம்பளம் வருமா? பழைய கம்பெனி பி.எஃப். என்ன ஆகும்? போர்மேனை 'சார்' என்பதா, 'அண்ணா' என்பதா? பெண்கள் கழிப்பறை எந்தக் கட்டடத்தில்?

இந்தக் கேள்விகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவானதும் சீக்கிரம் மாறாததும் வீடியோவுக்கு. மாறக்கூடியதும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் ஒரே ஒரு பக்கத் தாளுக்கு. பதில் சொல்ல மனிதர் வேண்டும் என்பவை, கூட இருந்து வழிகாட்டும் சக ஊழியருக்கு.

பி.எஃப். கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு யு.ஏ.என். எனப்படும் எண் வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். வேலை மாறினாலும் அதே எண்தான் தொடர வேண்டும். இது தெரியாமல் 'எண் இல்லை' என்று சொல்லிவிடுவதால் புதிதாக இன்னொன்று உருவாகி, பிறகு இரண்டு கணக்கையும் இணைக்க அலைகிறவர்கள் உண்டு. "பழைய கம்பெனில பி.எஃப். பிடிச்சிருந்தா அந்த நம்பரைக் கொண்டு வாங்க, புதுசு எடுக்காதீங்க" என்ற ஒரு வரி வீடியோவில் வரலாம், அது மாறப்போவதில்லை. ஆனால் எண்ணை எந்தச் செயலியில் பார்ப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் தாளுக்குப் போக வேண்டியவை. அரசு இணையதளங்களின் திரை எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய பகுதிக்கும் இதே அளவுகோல்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழு அமைக்கப்பட்ட ஆணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம்; தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பல நிறுவனங்கள் குழு உறுப்பினர்களையே வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துப் பெயரும் போட்டுவிடுகின்றன. உறுப்பினர் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள் பாதிப் பேர் வேலையை விட்டும் போயிருப்பார்கள். பிறகு ஒரு பெண் வீடியோவில் பார்த்த பெயரைத் தேடிப் போனால், அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார். ஆகவே வீடியோ அறிவிப்புப் பலகையைக் காட்டட்டும். "பேரும் நம்பரும் இந்தப் போர்டுல இருக்கு, கேன்டீன் வாசலுக்கு இடது பக்கம்" என்று குரல் சொல்லட்டும். பெயர்களைப் பலகை பார்த்துக்கொள்ளும்.

அடுத்து நீளம். இணையவழிப் பாடங்களைப் பற்றி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் ஏறக்குறைய 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை பிலிப் குவோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் நிலைத்திருந்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அது மாணவர்களைப் பற்றிய ஆய்வு. ஊழியர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பதால் எழுந்து போக மாட்டார். உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இருபது நிமிடத்துக்கு ஒரே வீடியோவாக எடுப்பதை விட, நான்கு நிமிடத்துக்கு மேல் போகாத மூன்று வீடியோக்களாக எடுப்பது நல்லது. அவற்றை மூன்று வெவ்வேறு நாளில் காட்ட வேண்டும். எந்த நாள் என்பதும் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். முதல் வீடியோ முதல் நாளைப் பற்றியது. சேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை மாலையே போனுக்கு அனுப்பிவிடலாம். கேட், வண்டி ஷெட், வருகைப் பதிவு, ஷூ, சாப்பாடு ஆகியவற்றைத் திங்கள் காலைக்கு முன்பே தெரிந்துகொண்டால்தான் பயன். இரண்டாவது கருவிகளைப் பற்றியது. கணினியில் பயனர் கணக்கு திறந்த பிறகுதான் காட்ட வேண்டும். இந்த இடத்தில் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன. திங்கள் காலை பத்து மணிக்கு "இப்போது லாகின் செய்யுங்கள்" என்று வீடியோ சொல்லும். கணக்கு புதன்கிழமைதான் தயாராகும். அதற்குள் வீடியோ சொன்னது மறந்துபோகும். மூன்றாவது மனிதர்களைப் பற்றியது. அதை வியாழக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்; அதற்குள் புதியவருக்குச் சில முகங்கள் பழகியிருக்கும், வீடியோவில் அவற்றைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

எழுதும் முறை எளிது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் திரையில் தெரிவதையும் வலது பக்கம் காதில் கேட்பதையும் எழுதுவார்கள். ஒரே விஷயம் இரண்டு பக்கமும் வந்தால் ஒன்றை வெட்டிவிடலாம். கேட்டைக் காட்டிக்கொண்டே "இது நமது நுழைவாயில்" என்று சொல்வது வீண்.

ஆங்கிலத்தில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று கணக்குப் போடுவார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 'போகவேண்டியிருக்கிறது' என்பது எண்ணிக்கையில் ஒரு சொல், வாயில் நான்கைந்து சொல். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறை ஒட்டித்தான் வரும். எண்ணிப் பார்ப்பதைக் காட்டிலும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பதே நம்பகமானது. மனதுக்குள் படித்தால் நான்கு நிமிட ஸ்கிரிப்ட் இரண்டரை நிமிடத்தில் முடிந்ததுபோல் தோன்றும்.

உரக்கப் படிக்கும்போது இன்னொன்றும் பிடிபடும்: நடை. "பணியாளர்கள் தங்கள் வருகையை நாள்தோறும் பதிவு செய்தல் வேண்டும்" என்று அலுவலக ஆணை மொழியில் எழுதினால் குரல் கொடுப்பவர் தடுமாறுவார், கேட்பவர் நழுவிவிடுவார். பேச்சுத் தமிழில்தான் எழுத வேண்டும். வட்டார வழக்கை ஒரேயடியாகப் பிழிந்து ஊற்றவும் கூடாது. திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்கும் புரிய வேண்டும். 'நீங்க', 'வாங்க', 'சொல்லுங்க' என்ற மரியாதை கடைசிவரை குறையக் கூடாது. பேச்சுத் தமிழை எழுத்தில் பார்த்தால் மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். தாளைக் கொடுக்காமல் படித்துக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

நமது பம்பு கம்பெனியின் முதல் வீடியோ இப்படித் தொடங்கலாம்:

படம்: மெயின் கேட். ஒருவர் டூவீலரில் வந்து நிற்கிறார். செக்யூரிட்டி பெயர்ப் பட்டியலைப் பார்க்கிறார்.
குரல்: வணக்கம். திங்கக்கிழம உங்களுக்கு முதல் நாள். கேட்ல உங்க பேரு ஏற்கெனவே எழுதியிருக்கும். ஏதாவது ஒரு அடையாள அட்டையக் காட்டுங்க, தற்காலிக பாஸ் தருவாங்க.

படம்: இடப்புறம் தகர ஷெட். வண்டி உள்ளே போகிறது.
குரல்: வண்டிய ஷெட்ல நிறுத்திருங்க. ஹெல்மெட்ட வண்டியிலயே விட்டுட்டு வரலாம்.

படம்: சுவரில் வருகைப் பதிவு மெஷின். முகத்தைக் காட்டுகிறார். பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி காட்டுகிறார். எரியவில்லை. செக்யூரிட்டியின் நோட்டில் எழுதுகிறார்.
குரல்: வரும்போது ஒரு தடவ, போகும்போது ஒரு தடவ இதுல முகத்தக் காட்டணும். பச்ச லைட் எரிஞ்சா பதிவாயிருச்சு. எரியலன்னா இன்னொரு தடவ காட்டுங்க. அப்பவும் எரியலன்னா செக்யூரிட்டி நோட்டுல பேரும் நேரமும் எழுதிட்டுப் போங்க. அதுக்காகச் சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க.

படம்: மெஷின் ஷாப் வாசல். தரையில் மஞ்சள் கோடு. சாதாரணச் செருப்புடன் வந்தவர் கோட்டுக்கு முன்னால் நிற்கிறார்.
குரல்: இந்த மஞ்சக் கோட்டத் தாண்டணும்னா சேஃப்டி ஷூ வேணும், கண்ணாடி வேணும். ஆபீஸ் வேலைக்கு வந்தவங்களுக்கும் இதேதான். ரெண்டும் ஸ்டோர்ல தருவாங்க. ஷூ சைஸ நாளைக்கே வாட்ஸ்அப்ல சொல்லிட்டீங்கன்னா, திங்கக்கிழம எடுத்து வெச்சிருப்பாங்க.

இதில் ஷிஃப்ட் நேரம் இல்லை, செக்யூரிட்டியின் பெயர் இல்லை, எச்.ஆரின் போன் நம்பர் இல்லை. மாறக்கூடியவை எல்லாம் வீடியோவோடு வரும் தாளில் இருக்கின்றன. ஆனால் விளக்கு எரியாவிட்டால் என்ன செய்வது என்பது இருக்கிறது. பெரும்பாலான வீடியோக்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியை மட்டும் காட்டுகின்றன; அந்த வழி மெஷினைப் பார்த்தாலே தெரியும். புதியவர் மாட்டிக்கொள்வது எரியாத விளக்கில்தான். சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள் என்ற வாக்கியம் மொத்த வீடியோவிலேயே கனமானது. இரண்டாம் நாள் கேட்கலாமா வேண்டாமா என்று ஒருவர் தயங்கி நிற்பதை அது நிறுத்திவிடும். இப்படிப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சம்பளம் போடுகிறவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். வீடியோ ஒன்று சொல்லி, சம்பளச் சீட்டு வேறொன்று சொன்னால் அடுத்த இரண்டு வீடியோவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கருவிகள் பற்றிய இரண்டாவது வீடியோதான் எழுதச் சிரமமானது. மின்னஞ்சல், ஈ.ஆர்.பி., லீவு போடும் செயலி, டீம்ஸ், ஐ.டி. உதவிக்கான டிக்கெட் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் மெனுவையும் திறந்து காட்டத் தோன்றும். அது பார்ப்பவரின் தலையில் நிற்காது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தக் கருவி வழியாகப் போகிறது என்று தொடர்ந்து போவது நல்லது. நமது கம்பெனியில் எல்லோருக்கும் பொதுவாக வரும் வேலை இன்டென்ட் போடுவது. கையுறையிலிருந்து பிரிண்டர் தாள் வரை எது வேண்டுமானாலும் இன்டென்ட் போட்டுத்தான் ஸ்டோரிலிருந்து வாங்க வேண்டும்.

ஆகவே ஸ்கிரிப்ட் ஒரு ஜோடி கையுறையின் பின்னாலேயே போகட்டும். அசெம்பிளியில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கையுறை கிழிந்துவிடுகிறது. அவர் ஈ.ஆர்.பி.யில் இன்டென்ட் போடுகிறார். திரையில் மூன்று கட்டங்களை நிரப்புவது மட்டும் பெரிதாகத் தெரிகிறது. சூப்பர்வைசரின் திரையில் அது ஒப்புதலுக்கு வந்து நிற்கிறது. அவர் அன்று டெஸ்டிங்கில் இருக்கிறார், பார்க்கவில்லை. அரை மணி நேரம் போகிறது. புதியவர் நேராக ஸ்டோருக்குப் போகிறார். ஸ்டோர்காரர் திரையைத் திருப்பிக் காட்டி, "அப்ரூவல் வரலீங்க தம்பி" என்கிறார். இங்கே குரல் சொல்கிறது: "இன்டென்ட் போட்டதும் சூப்பர்வைசருக்கு டீம்ஸ்ல ஒரு வரி போடுங்க. நம்பர மட்டும் போட்டாப் போதும்." ஒப்புதல் வருகிறது, கையுறை கைக்கு வருகிறது. இரண்டு நிமிடத்தில் இரண்டு கருவிகள் வந்துவிட்டன. கூடவே, கருவி மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும் என்கிற அந்த இடத்து வழக்கமும் வந்துவிட்டது. அது எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

திரையைப் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்மையான ஈ.ஆர்.பி.யைத் திறந்து பதிவு செய்தால், ஓரத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த விலையோ யாருடைய சம்பளமோ தெரிந்துவிடும். பயிற்சிக்கென்று உள்ள சோதனைக் கணக்கில், இல்லாத பெயர்களைப் போட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். முழுத் திரையைக் காட்டினால் போனில் பார்ப்பவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நிரப்ப வேண்டிய கட்டம் மட்டும் திரையை அடைத்து நிற்கட்டும். மென்பொருள் மாறினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றும்படி, திரைக்காட்சி வரும் இடங்களை ஸ்கிரிப்ட்டில் தனித்தனியாக எண் போட்டு வைப்பது நல்லது.

பாஸ்வேர்டு பற்றி எல்லா வீடியோவும் பேசும். அதைவிட முதல் வாரத்துக்கு முக்கியமானது, நிர்வாக இயக்குநரின் படத்தை முகப்பில் வைத்து வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செய்தி. "மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்று வரும். பழைய ஊழியருக்கு முதலாளி எப்படிப் பேசுவார் என்று தெரியும், சந்தேகப்படுவார். சேர்ந்து நான்கு நாளான அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு அது தெரியாது. முதலாளியே கேட்கிறாரே என்று பதறுவார். இந்த ஓரிடத்தில் நிர்வாக இயக்குநரைத் திரைக்குக் கொண்டுவரலாம். அவர் கேமராவைப் பார்த்து, "நான் உங்ககிட்ட வாட்ஸ்அப்ல பணம் கேக்க மாட்டேன். என் பேர்ல அப்படி வந்தா அனுப்பாதீங்க, உங்க மேனேஜர்கிட்ட காட்டுங்க. லேட்டானாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று சொல்லட்டும். பதினைந்து விநாடி. அவருடைய வழக்கமான ஐந்து நிமிடப் பேச்சை விட இது கம்பெனிக்கு அதிகப் பயன் தரும். அப்படியும் பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பது தாளில் இருக்கட்டும்.

மூன்றாவது வீடியோ மனிதர்களைப் பற்றியது. இதை எழுத உட்காரும்போது பெட்டி பெட்டியாகக் கோடு இழுத்த நிர்வாக வரைபடத்தைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். அதை அப்படியே எடுத்து வைத்துவிடலாம். யார் யாருக்கு மேல் என்பது புதியவருக்கு ஒரு நாளில் தெரிந்துவிடும். எதை யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியாது. வரைபடத்தின் அடியில் இருக்கும் ஸ்டோர்காரர், டைம் ஆபீஸ்காரர், கேன்டீன் அக்கா, கணினி சரிசெய்யும் பையன் ஆகியோர்தான் முதல் வாரத்தின் முக்கியப் புள்ளிகள். ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கியம் போதும்: என்னிடம் எதற்கு வரலாம், எப்போது வர வேண்டாம். "மாசக் கடைசி ரெண்டு நாள் நாங்க ஸ்டாக் எடுப்போம். அவசரம் இல்லன்னா அதுக்கப்புறம் வாங்க" என்று ஸ்டோர்காரர் வாயாலேயே வந்தால், அதைத் தனியாக விதிமுறையாக எழுத வேண்டியதில்லை.

பெயர் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே மறுபடி வரும். மனிதர்களைக் காட்டும் வீடியோவில் பெயரில்லாமல் முடியாது. ஒருவருக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாக எடுத்து, குரலில் பதவியை மட்டும் சொல்லி, பெயரைத் திரையில் எழுத்தாகப் போடுவது ஒரு வழி. அவர் போய்விட்டால் அந்த இருபது விநாடியை மட்டும் மாற்றலாம். நடிப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வேலையை விட்ட பின் நீக்கிவிடுவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதை வீடியோ விளக்கத் தேவையில்லை, காட்டினால் போதும். நமது கம்பெனியில் ஷாப்பில் மூத்தவரை 'அண்ணா' என்றும், அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்றும் அழைக்கும் வழக்கம் இருந்தால், காட்சிகளில் வரும் பேச்சிலேயே அது வந்துவிடும். இதை விதியாகச் சொல்லப் போனால்தான் சிரிப்பு வரும்.

இனி புதியவரின் பக்கம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே, விப்ரோவின் பி.பி.ஓ. பிரிவில் நடந்தது. டேனியல் கேபிள், பிரான்செஸ்கா ஜினோ, பிராட்லி ஸ்டாட்ஸ் மூவரும் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு முதல் நாளில் கூடுதலாக ஒரு மணி நேரம் கம்பெனியின் பெருமையைச் சொல்லி, கம்பெனிப் பெயர் பொறித்த மேலாடை கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினரிடம் அதே ஒரு மணி நேரத்தில் அவரவருடைய பலம் என்ன, அதை இந்த வேலையில் எப்படிக் காட்டலாம் என்று யோசிக்கச் சொல்லி, அவரவர் பெயர் பொறித்த மேலாடை கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் வேலையை விட்டவர்கள் மூன்றாவது குழுவில் குறைவாக இருந்தார்கள். வாடிக்கையாளர் திருப்தியும் வழக்கமான பயிற்சி பெற்றவர்களை விட நன்றாக இருந்தது.

கால் சென்டரில் நடந்ததை அப்படியே பம்பு கம்பெனிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட்டின் கடைசி அரை நிமிடத்தை இது தீர்மானிக்கலாம். கம்பெனியின் பெருமையோடு முடிப்பதற்குப் பதிலாக ஒரு வேலையோடு முடிக்கலாம்: "இத நிறுத்திட்டு, பக்கத்துல இருக்கறவர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி நீங்க நல்லாச் செஞ்ச ஒரு வேல. இங்க வந்து உங்களுக்குப் புரியாத ஒரு விஷயம்." திரை கறுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதை எச்.ஆர். முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை அனுபவமுள்ள, அதே துறையைச் சேர்ந்த, புதியவரின் மேலதிகாரி அல்லாத ஒருவர்.

அப்படி ஒருவரைத் துணையாளராக நியமித்துவிட்டால் மட்டும் போதாது. மைக்ரோசாஃப்ட் 600 ஊழியர்களை வைத்துச் செய்த முயற்சியின் முடிவு 2019-இல் வெளியானது. முதல் 90 நாளில் துணையாளரை ஒரு முறையாவது சந்தித்தவர்களில் 56 சதவீதம் பேர், வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள அது உதவியது என்றார்கள். எட்டு முறைக்கு மேல் சந்தித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 97 சதவீதம். இது அவர்களே சொன்ன கருத்துதான், அளந்து பார்த்ததல்ல. இருந்தாலும் எழுதுகிறவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. "உங்களுக்கு ஒரு துணையாளர் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகாமல், "முதல் மூணு வாரம் செவ்வாயும் வெள்ளியும் டீ நேரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருங்க" என்று நாளையும் நேரத்தையும் சொல்ல வேண்டும்.

கோவைத் தொழிற்சாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு ஹிந்தி அல்லது ஒடியா குரல் வேண்டும். தமிழ் எழுத்துகளைத் திரையில் நிறையப் போட்டு எடுத்துவிட்டால் குரலை மாற்றினாலும் படம் பயன்படாது. அதனால் எழுத்து இல்லாத ஒரு மூலப் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, மொழிக்கு ஏற்ப எழுத்தையும் குரலையும் மேலே சேர்ப்பார்கள். மொழிபெயர்ப்பில் குரல் நீளும் என்பதால், ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் இரண்டு மூன்று விநாடி கூடுதலாகப் படம் பிடிக்கச் சொல்லி ஸ்கிரிப்ட்டிலேயே குறிக்க வேண்டும். பேசுபவரின் வாயசைவு தெரியும் காட்சிகளைக் குறைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

படப்பிடிப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வசதி என்று யாராவது யோசனை சொல்வார்கள். மெஷின் ஓடாத ஷாப்பைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே வருபவர் சத்தத்திலேயே மிரண்டுவிடுவார். வேலை நாளில் எடுத்து, குரலைத் தனியாக அமைதியான அறையில் பதிவு செய்வதே சரி. எடுத்த படத்தைப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு முறை போட்டுக் காட்ட வேண்டும். பின்னணியில் யாராவது கண்ணாடி இல்லாமல் கிரைண்டிங் பிடித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில்தான் படும்.

ஸ்கிரிப்ட் வேலை செய்கிறதா என்பதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை சொல்லாது. சனிக்கிழமை மத்தியானம் புதியவரை உட்கார வைத்து நான்கு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: மெஷினில் விளக்கு எரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? கையுறை கிழிந்தால்? எம்.டி. படத்தோடு வாட்ஸ்அப் வந்தால்? துணையாளரை இந்த வாரம் எத்தனை முறை பார்த்தீர்கள்? ஒரே கேள்வியில் மூன்று பேர் தடுமாறினால் குறை அவர்களிடம் இல்லை. அந்தக் காட்சியை மாற்றி எழுத வேண்டும். கூடவே எச்.ஆர். மேசையில் ஒரு நோட்டை வைத்து, புதியவர்கள் வந்து கேட்கும் கேள்விகளைக் குறித்துவரலாம். வண்டி நிறுத்தும் இடத்தை இன்னமும் கேட்கிறார்கள் என்றால் முதல் வீடியோ சனிக்கிழமை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நோட்டில் புதிய கேள்வி ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், ஏதோ ஒரு நடைமுறை மாறியிருக்கிறது, வீடியோவுக்கு அது தெரியவில்லை.

திருத்துவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பழையதாவது கருவி வீடியோதான். அதற்கான திரைப்பதிவுக் கோப்புகளையும் குரல் பதிவையும் படம் எடுத்தவரிடம் விட்டுவிடாமல், எடுத்த அன்றே கம்பெனியின் கணினிக்கு வாங்கிவிடுங்கள்.